காணொளி தோற்றதா, எம் சைஸ் தீர்ந்ததா?

ஐயா, வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் வீட்டிலிருந்தபடியே அப்பா–மகன் ஒரே நிற ஜிப்பா செட் விற்கிறேன். சொந்த இணையக் கடை. ஒரு செட் 139 வெள்ளி. துணி, தையல், கூரியர் போக 45 வெள்ளி நிற்கும். தீபாவளிக்காக முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 12 வரை நாளுக்கு 100 வெள்ளிக்கு விளம்பரம் செய்தேன். முதலில் படம் மட்டும். 28ஆம் தேதியிலிருந்து என் அத்தை மகன் எடுத்துக் கொடுத்த காணொளியையும் சேர்த்து, பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தேன். மொத்தம் 2,100 வெள்ளி செலவு. வந்தது 42 ஆர்டர். படத்தில் ஓர் ஆர்டருக்கு 42 வெள்ளி ஆனது. காணொளியில் 75 வெள்ளி! நடுவில் ஒரு வாரம் சில சைஸ்கள் தீர்ந்திருந்தன, கடைசியில் கூரியரும் தாமதம். ஐந்து பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காணொளிக்கு அவன் 600 வெள்ளி கேட்டான்; பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். காணொளியை விட்டுவிடலாமா, இல்லை விளம்பரத்தையே விட்டுவிடலாமா? ஆர்டர் பட்டியலையும் விளம்பரக் கணக்கின் நாள்வாரி எண்களையும் இணைத்திருக்கிறேன்.

— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

சகோதரி, அந்த 300 வெள்ளியை இப்போதைக்கு எடுத்துத் தனியாக வையுங்கள். உங்கள் அத்தை மகன் குற்றவாளி என்பதற்கு இந்தக் கணக்கில் சாட்சி இல்லை. நிரபராதி என்பதற்கும் முழுச் சாட்சி இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு பாராட்டு. ஆர்டர் பட்டியலை அனுப்பினீர்களே, அதுதான் இந்த வழக்கின் முக்கிய ஆவணம். பெரும்பாலோர் விளம்பரக் கணக்கின் திரையை மட்டும் படம்பிடித்து அனுப்புவார்கள். அந்தத் திரைக்கு உங்கள் வீட்டு அலமாரியில் எம் சைஸ் இருந்ததா இல்லையா என்பது தெரியாது. எத்தனை வெள்ளி செலவானது, எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை மட்டும் வைத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் காட்டும். 2,100-ஐ 42-ஆல் வகுத்தால் 50. கையில் நிற்பதோ 45. ஆக, செட்டுக்கு ஐந்து வெள்ளி நட்டம் என்று தோன்றும். கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்த 50 வெள்ளி உங்கள் கடையில் எந்த நாளிலும் நடக்காத ஒன்று. மூன்று வேறு நிலைமைகளைக் கலந்து எடுத்த சராசரி அது.

உங்கள் பட்டியலை அளவுவாரியாகப் பிரித்து எழுதினேன். சரக்கு எந்த நாளில் தீர்ந்தது என்று நீங்கள் எங்கும் குறித்து வைக்கவில்லை. பரவாயில்லை, பட்டியலே சொல்லிவிடுகிறது. அப்பா அளவில் எம் 11, எல் 9 என்று செப்டம்பர் 29 வரை சீராக விற்றிருக்கின்றன. 30ஆம் தேதியிலிருந்து அக்டோபர் 6 வரை இரண்டிலும் ஒன்றுகூட இல்லை. மகன் அளவில் 6 வயது, 8 வயது இரண்டும் அதே நாளில் நின்றுபோகின்றன. நாளுக்கு ஒன்றிரண்டாவது போய்க்கொண்டிருந்த சைஸ் ஒரே நாளில் பூஜ்யமாகி ஒரு வாரம் பூஜ்யமாகவே இருந்தால், ஊரில் எம் சைஸ் ஆண்களெல்லாம் ஒரே இரவில் பருத்துவிட்டார்கள் என்று பொருளல்ல. அன்றுதான் சரக்கு தீர்ந்திருக்கிறது.

ஆக உங்கள் 21 நாள்கள் மூன்று துண்டுகளாகின்றன. செப்டம்பர் 22 முதல் 29 வரை எல்லாம் கையில் இருந்த எட்டு நாள். 30 முதல் அக்டோபர் 6 வரை நடு அளவுகள் இல்லாத ஏழு நாள். 7 முதல் 12 வரை சரக்கு வந்தும் கூரியர் இழுத்தடித்த ஆறு நாள். விளம்பரக் கணக்கில் Breakdown என்ற பொத்தானில் நாள்வாரியாகப் பிரித்து நீங்கள் எடுத்த எண்களை இந்த மூன்று துண்டுகளில் கூட்டினால் கதை மாறுகிறது.

முதல் எட்டு நாளில் 800 வெள்ளி செலவு, 32 ஆர்டர். ஓர் ஆர்டருக்கு 25 வெள்ளி. அடுத்த ஏழு நாளில் 700 வெள்ளிக்கு 6 ஆர்டர். கடைசி ஆறு நாளில் 600 வெள்ளிக்கு 4. லாபமாகப் பார்த்தால் முதல் துண்டில் 640 வெள்ளி வந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் சேர்த்து 850 வெள்ளி போயிருக்கிறது. மொத்தத்தில் 210 வெள்ளி நட்டம். நீங்கள் பார்த்தது அந்தக் கடைசி வரியை மட்டும்.

(இடையில் ஒன்று: திரையில் தெரியும் செலவுக்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் உங்கள் அட்டையிலிருந்து பிடிக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்த 25 உண்மையில் 27. கட்டணச் சீட்டைப் பாருங்கள். மேலே சொன்ன லாபம், நட்டம் எதிலும் நான் அதைச் சேர்க்கவில்லை.)

அந்த நடு வாரத்தில் ஆர்டர் விழுந்ததற்குச் சரக்குதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? விளம்பரமே சலித்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை, ஆட்கள் எந்தப் படியில் நின்றுவிட்டார்கள் என்று பார்ப்பது. விளம்பரத்தைப் பார்த்தவர் அதைத் தொட்டு உங்கள் கடைப் பக்கத்துக்கு வருகிறார். பிடித்தால் கூடையில் சேர்க்கிறார். பிறகு பணம் கட்டுகிறார். விளம்பரத்தின் வேலை பெரும்பாலும் ஆளைக் கடை வாசல்வரை கூட்டி வருவதோடு முடிந்துவிடுகிறது. உங்கள் கணக்கில் முதல் துண்டில் ஏறத்தாழ 1,000 பேர் வந்தார்கள், ஆளுக்கு 80 சென். இரண்டாம் துண்டில் 880 பேர், அதே 80 சென். மூன்றாம் துண்டில் 740 பேர், 81 சென். விளம்பரம் சலித்திருந்தால் முதலில் ஏறுவது இந்த எண்தான். அது அசையவே இல்லை.

அசைந்தது அடுத்த படி. திரையில் Adds to cart என்று இருக்கும் பத்தியைப் பாருங்கள். முதல் துண்டில் 1,000 பேரில் 90 பேர் கூடையில் சேர்த்தார்கள், நூற்றுக்கு ஒன்பது. இரண்டாம் துண்டில் 880 பேரில் 26 பேர்; நூற்றுக்கு மூன்று. வாசல்வரை வந்தவர்கள் உள்ளே வந்து, தம் அளவைத் தேடி, இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் கடைப் பக்கம் அந்த வாரம் முழுவதும் 'இருப்பில் உள்ளது' என்றுதான் காட்டியிருக்கும். எக்ஸ்எக்ஸ்எல் இருந்தது, 12 வயது இருந்தது. சரக்கு அடியோடு தீர்ந்திருந்தால் நீங்களே விளம்பரத்தை நிறுத்தியிருப்பீர்கள். பாதி தீர்ந்ததுதான் ஆபத்து. யார் கண்ணிலும் படாமல் ஒரு வாரம் ஓடிவிட்டது.

உங்கள் பொருளோ செட். அப்பா அளவும் மகன் அளவும் இரண்டும் இருந்தால்தான் ஒருவர் வாங்குவார். இங்கேதான் இரண்டாவது சோதனை. முதல் எட்டு நாளின் 32 ஆர்டரில் எம், எல் அல்லாத அப்பாக்கள் 12 பேர். 6, 8 வயது அல்லாத மகன்கள் 16 பேர். ஆக, நடு வாரத்தில் வந்தவர்களில் 32-க்கு 12 பேருக்குத்தான் அப்பா அளவு இருந்தது. அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் மகன் அளவும் இருந்தது. பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 19 பேர். அதாவது ஐந்து பேரில் நால்வர் வாங்க நினைத்தாலும் வாங்க முடியாது. அந்த வாரத்து 700 வெள்ளிக்கு, பழைய 25 வெள்ளி வீதத்தில், 28 ஆர்டர் வந்திருக்க வேண்டும். அதில் 19 விழுக்காடு என்றால் ஐந்து சொச்சம். உங்களுக்கு வந்தது ஆறு.

இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். சரக்கு மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு, நடந்ததோடு ஏறக்குறைய ஒட்டிப் போகிறது. விளம்பரத்தின் மீது சுமத்த மிச்சம் எதுவும் இல்லை. அப்பா அளவுக்கும் மகன் அளவுக்கும் தொடர்பில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். அது தோராயம்தான், ஆனால் முடிவைப் புரட்டும் அளவுக்குப் பெரிய பிழை வராது. வாட்ஸ்அப்பில் 'அப்பாவுக்கு எம், பையனுக்கு 6 வயது, இருக்கிறதா?' என்று அந்த வாரம் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களெல்லாம் விளம்பரம் கொண்டுவந்து சேர்த்த வாடிக்கையாளர்கள். திரையில் ஆர்டராகப் பதிவாகாதவர்கள்.

கடைசித் துண்டு வேறு மாதிரி உடைகிறது. 740 பேரில் 61 பேர் கூடையில் சேர்த்திருக்கிறார்கள், நூற்றுக்கு எட்டு. பழைய நிலைக்கு ஏறக்குறைய திரும்பிவிட்டது. படமும் காணொளியும் துணியும் விலையும் சரி என்று அந்த 61 பேரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் பணம் கட்டியவர்கள் நான்கு பேர். முதல் துண்டில் கூடையில் சேர்த்தவர்களில் மூன்றில் ஒருவர் வாங்கினார். இங்கே பதினைந்தில் ஒருவர். பணம் கட்டும் பக்கத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று பார்த்தேன்: '7 முதல் 10 வேலை நாள்களில் கிடைக்கும்'. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள். 7ஆம் தேதி ஆர்டர் செய்தவர் விரலை மடக்கி எண்ணினால் ஏழாவது வேலை நாள் 16. பத்தாவது தீபாவளியைத் தாண்டி விழுகிறது. 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை செய்தவருக்கு ஏழாவது நாளே தீபாவளிக்குப் பிறகுதான். தீபாவளி ஜிப்பா தீபாவளிக்கு மறுநாள் வந்தால் அதை எங்கே போட்டுக்கொண்டு போவது? நீங்கள் நேர்மையாக எழுதினீர்கள். அவர்கள் நேர்மையாக விலகிக்கொண்டார்கள்.

ஆகச் சரக்கு இல்லாமை கூடைக்கு முன்னால் ஆட்களை நிறுத்துகிறது. தாமதம் கூடைக்குப் பின்னால் நிறுத்துகிறது. இரண்டிலும் திரை காட்டுவது ஒரே 'மோசமான விளம்பரம்'தான். எந்தப் படியில் உடைந்தது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஆனால் இந்த மூன்றாம் துண்டில் முழுப் பழியையும் கூரியர் மீது போட நான் தயாரில்லை. தீபாவளி நெருங்க நெருங்க, கூரியர் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பினாங்கு மக்கள் இணையத்தில் ஆர்டர் செய்யத் தயங்குவார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு நேரே போய்த் தொட்டுப் பார்த்து வாங்கி, அங்கேயே ஒரு தேநீரும் குடித்துவிட்டு வருவார்கள். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸும் அப்படித்தான். ஆகவே அந்த வாரத்து வீழ்ச்சியில் ஒரு பங்கு நாள்காட்டியினுடையது. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்கள் எண்களில் வழியில்லை. அதேபோல் முதல் துண்டில் மாதக் கடைசிச் சம்பள நாள்கள் விழுந்திருக்கின்றன. அந்த 25 வெள்ளி கொஞ்சம் இனிப்புக் கூடியதாக இருக்கலாம். அடுத்த முறை 28, 30 என்று வந்தால் திடுக்கிட வேண்டாம்.

திருப்பிக் கொடுத்த ஐந்தையும் பார்த்துவிடுவோம். விளம்பரக் கணக்கு அவற்றைக் கழிக்காது. வாங்கியது வாங்கியதுதான் என்று 42-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பணப்பெட்டியில் நின்றது 37. ஐந்தில் இரண்டு அளவு பொருந்தாமல் வந்தவை. துணிக் கடையில் அது எப்போதும் இருக்கும். மூன்று கடைசி வாரத்து ஆர்டர்கள், தாமதத்தால் போனவை. அதாவது கடைசி 600 வெள்ளி ஒரே ஒரு செட்டைத்தான் உருப்படியாக விற்றுக் கொடுத்தது. வியாபாரம் எப்படிப் போனது என்று பார்க்கும்போது 37-ஐ எடுங்கள். விளம்பரம் எப்படி வேலை செய்தது என்று பார்க்கும்போது 42-ஐ எடுங்கள். அந்த மூவரையும் வாங்க வைத்தது விளம்பரம். இழந்தது அது அல்ல.

இப்போது காணொளிக்கு வருவோம். 75 வெள்ளிக்கு எதிரே 42 வெள்ளி என்ற ஒப்பீடு எங்கிருந்து வந்தது? படம் ஓடிய 1,350 வெள்ளியில் 700 வெள்ளி, சரக்கு முழுதாக இருந்த நாள்களில் போனது. காணொளி ஓடிய 750 வெள்ளியில் அப்படிப்பட்ட நல்ல நாள்களுக்குப் போனது 100 வெள்ளி மட்டும், 28, 29 ஆகிய இரண்டே நாள். ஒருவனுக்கு எட்டு நாள் காய்ந்த திடலைக் கொடுத்துவிட்டு, மற்றவனைச் சேற்றில் ஓடவிட்டு, யார் வேகம் என்று கேட்கிறோம்.

ஒரே நிலைமைக்குள் வைத்துப் பாருங்கள். நல்ல நாள்களில் படம் 700 வெள்ளிக்கு 28 ஆர்டர். காணொளி 100 வெள்ளிக்கு 4. இரண்டுமே ஆர்டருக்கு 25 வெள்ளி. நடு வாரத்தில் ஆளுக்கு 350 வெள்ளி: படம் 2, காணொளி 4. கடைசியில் ஆளுக்கு 300 வெள்ளி: இரண்டும் தலா 2. எந்தத் துண்டிலும் காணொளி படத்துக்குப் பின்தங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கியதும் அது தோற்றுப்போனது போல் ஆகிவிட்டது.

உடனே காணொளி வென்றது என்று மாலை போட்டுவிடவும் வேண்டாம். இரண்டுக்கு நான்கு, இரண்டுக்கு இரண்டு என்ற எண்களை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதே காணொளி அதே இரண்டு நாளில், வேறெதுவும் மாறாமல், ஒன்றோ எட்டோ கூடக் கொண்டுவந்திருக்கலாம். தவிர, அந்த இரண்டு நல்ல நாள்களும் முழுக்க நல்ல நாள்கள் அல்ல. 139 வெள்ளி செட்டைப் பார்த்தவுடன் எல்லோரும் வாங்குவதில்லை. திங்கட்கிழமை பார்ப்பார்கள், வீட்டில் காட்டுவார்கள், பையனின் உயரத்தை அளப்பார்கள், புதன்கிழமை வந்து பணம் கட்டுவார்கள். அதனால்தான் தொட்டு ஏழு நாளுக்குள் வாங்கினால் அதை விளம்பரத்தின் கணக்கில் சேர்ப்பதை அந்தத் தளம் வழக்கமாக வைத்திருக்கிறது. 29ஆம் தேதி காணொளியைப் பார்த்துவிட்டு அக்டோபர் 1ஆம் தேதி திரும்பி வந்தவருக்கு எம் சைஸ் இல்லை. ஆகவே சரக்கு தீருவதற்கு முந்திய ஓரிரு நாளின் எண்களும் கறைபட்டவை. நான் ஒரு விளம்பரத்தை எடைபோடும்போது அந்த விளிம்பு நாள்களை விட்டுவிடுவேன். விட்டால் உங்கள் காணொளிக்கு நல்ல நாள் ஒன்றுகூட மிஞ்சாது. அதற்கு இன்னும் பரீட்சையே நடக்கவில்லை.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரரின் விளம்பரத்தை 'இது எடுபடவில்லை' என்று சொல்லி நிறுத்தச் செய்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் கடைக்குப் போனபோதுதான் கிடங்குப் பையன் சொன்னான், விளம்பரத்தில் காட்டிய இட்லிப் பானை அந்த மாதம் பாதி நாள் கடையிலேயே இல்லை என்று. அதன் பிறகு யார் விளம்பர எண்களைக் கொண்டுவந்தாலும் முதலில் சரக்கு நோட்டைக் கேட்கிறேன்.

சோதனையைத் தைப்பூசத்துக்கு வையுங்கள். 2026-இல் அது பிப்ரவரி 1. தண்ணீர்மலைக்கு மஞ்சள் ஜிப்பாவோடு அப்பாவும் மகனும் போகும் வழக்கம் இருக்கிறதே, தேவைக்குக் குறைவில்லை. ஜனவரி 5 முதல் 18 வரை இரண்டு வாரம், படமும் காணொளியும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியட்டும், ஆளுக்கு 750 வெள்ளி. பழைய வீதத்தில் ஆளுக்கு 30 ஆர்டர் வர வேண்டும். 18-இல் நிறுத்தினால் கடைசி ஆர்டருக்கும் வீடு போய்ச் சேர இரண்டு வாரம் இருக்கிறது. முடிவில் 30-க்கு எதிரே 34 என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 30-க்கு எதிரே 50 என்று வந்தால் அதில் விஷயம் இருக்கிறது. இந்தத் தளத்தின் இயந்திரம் யாருக்குக் காட்டுவது என்று கற்றுக்கொள்ள வாரத்துக்கு 50 ஆர்டர் அளவில் வேண்டும் என்று அதன் நிறுவனமே சொல்கிறது. உங்களைப் போன்ற சிறு கடைக்கு அது எட்டாது. ஆகவே எண்கள் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

அதற்கு 60 செட் கையில் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி. தையல்காரரிடம் அளவு சொல்லும்போது 42 ஆர்டரின் முழுப் பட்டியலைப் பார்த்துச் சொல்லாதீர்கள். நடு வாரத்தில் எக்ஸ்எக்ஸ்எல் விற்றது, அது ஒன்றுதான் இருந்தது என்பதால். முதல் எட்டு நாளின் 32-ஐ மட்டும் பாருங்கள்: அப்பா அளவில் எம், எல் இரண்டும் சேர்ந்து 20. அந்த விகிதத்தில் 60 செட்டுக்கு 37, 38 வரும். மகன் அளவில் 6, 8 வயது பாதிக்குப் பாதி, அதாவது 30.

தினமும் இரவில் ஒரு நோட்டில் இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: எந்த அளவு எத்தனை மிச்சம், இன்று ஆர்டர் செய்தால் எப்போது கிடைக்கும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. எம், எல் இரண்டில் ஒன்று மூன்று நாளைக்குக் குறைவாக இறங்கிவிட்டால் அன்றே செலவைக் குறையுங்கள். தீர்ந்துவிட்டால் அன்றே நிறுத்துங்கள். இப்படி நிறுத்தியிருந்தால் அந்த நடு வாரத்தில் 430 வெள்ளி மிஞ்சியிருக்கும். நிறுத்தம் ஏழு நாளைத் தொட்டுவிட்டால் இயந்திரம் மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கும். முடிந்தவரை அதற்குள் சரக்கை வரவழைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அதற்காகக் காலி அலமாரிக்கு விளம்பரம் செய்யாதீர்கள்.

சரக்கும் முழுதாக இருந்து, கூரியரும் ஒழுங்காக ஓடி, அப்போதும் ஆள் வரும் செலவு 80 சென்னிலிருந்து ஏறிக்கொண்டே போனாலோ, ஆயிரம் பேர் வந்து 30 பேர்தான் கூடையில் சேர்த்தாலோ, அப்போது பழியை விளம்பரத்தின் மீதே போடுங்கள். முன்னது, அது ஆட்களை இழுக்கவில்லை என்பதற்கு அடையாளம். பின்னது, அது ஒன்றைக் காட்டி வேறொன்றுக்குக் கூட்டிவருகிறது என்பதற்கு. அன்றைக்குச் சரக்கைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

கடைசியாகக் காணொளியின் கீழே இருக்கும் கருத்துகள். 'பணம் கட்டி ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் வரவில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே இன்னும் இருவர். யாருக்கும் பதில் இல்லை. தாமதம் விளம்பரத்தையே கெடுக்கும் ஒரு வழி இது. 81 சென் என்ற எண் இதுவரை கெடவில்லை என்று காட்டுகிறது. ஆனால் அதே பதிவைத் தைப்பூசத்துக்கு மறுபடி ஓட்டினால் அந்த மூன்று வரிகளும் கூடவே வந்து, புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும். மூவருக்கும் இன்றே அங்கேயே பதில் எழுதுங்கள்: எப்போது அனுப்பினீர்கள், பணத்தைத் திருப்பினீர்களா என்று. காணொளியைப் புதிய பதிவாக ஏற்றுங்கள். அதற்கு மூலக் கோப்பு வேண்டும். அது உங்கள் அத்தை மகனிடம்தான் இருக்கும். கேட்கப் போகும்போது அந்த 300 வெள்ளியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.